இணையத்தில் நம் கடை மூடிக்கிடந்தால் முதலில் நமக்கே தெரிய வேண்டும்

2025 ஜனவரி 9, 10 தேதிகளை நம் வணிகப் பெருமக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் மாத விற்பனைக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவம் செலுத்தக் கடைசி நாள் 11 ஆம் தேதி. அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் ஜி.எஸ்.டி. இணையதளம் வேலை செய்யவில்லை. முகவரியை அடித்தால் பக்கம் வந்தது. ஆனால் பராமரிப்புப் பணி நடப்பதாக ஓர் அறிவிப்புதான் அதில் இருந்தது. படிவம் செலுத்த வழியில்லை. பின்னர் கடைசி நாள் 13 ஆம் தேதி வரை நீட்டிக்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஓர் இணையதளத்தின் பக்கம் திறப்பது வேறு, அதில் வேலை நடப்பது வேறு என்பது முதல் பாடம். அரசின் தளம் படுத்தால் நாடு முழுவதும் பேசும், தேதியும் நீட்டிக்கப்படும். நம் கடையின் தளம் படுத்தால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது இரண்டாவது பாடம். வாடிக்கையாளர் ஒரு முறை முயல்வார், இரண்டாம் முறை முயல்வார், பிறகு அடுத்த கடைக்குப் போய்விடுவார். நமக்கு மறுநாள் காலையில்தான் தெரியும்.

கீழமாசி வீதியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் மொத்த வணிகம் செய்யும் நம்மில் சிலர் இப்போது விலைப்பட்டியலையும் ஆர்டர் எழுதும் பக்கத்தையும் இணையத்தில் வைத்திருக்கிறோம். அந்தத் தளம் திறந்திருக்கிறதா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்க ஆள் போட முடியாது. அந்த வேலையைச் செலவில்லாமல் செய்யும் கண்காணிப்பு மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை எப்படி அமைப்பது, அது அனுப்பும் எச்சரிக்கையை எப்படிப் படிப்பது, எதை அது பார்க்காது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காவலாளி செய்யும் வேலை

கண்காணிப்பு மென்பொருள் செய்வது மிக எளிய வேலை. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை, ஒரு வாடிக்கையாளரைப் போலவே நம் தளத்தின் முகவரியை அழைக்கிறது. பதில் சரியாக வந்தால் குறித்துக்கொள்கிறது. வராவிட்டால் சிறிது பொறுத்து மீண்டும் முயல்கிறது. அப்போதும் வராவிட்டால் நம் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. தளம் திரும்பியதும் இன்னொரு செய்தி வரும். இரவு ரோந்து வரும் கூர்க்கா கடைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவதைப் போன்றதுதான் இது. வேறுபாடு ஒன்றே: அவர் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார், இது திறந்திருக்கிறதா என்று பார்க்கிறது.

இதற்கு இரண்டு வகை ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, வெளி நிறுவனம் தன் கணினிகளிலிருந்து நமக்காகப் பார்த்துச் சொல்வது. 2010 இல் தொடங்கிய அப்டைம் ரோபோ இந்த வகையில் பலரும் அறிந்தது. சென்னையிலிருந்து வளர்ந்த சோஹோ நிறுவனத்தின் சைட்24x7 சேவையும் இந்த வகைதான். மற்றொன்று, மென்பொருளை நம்முடைய கணினியிலேயே நிறுவி நாமே நடத்துவது.

இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் வியாபாரிகள் ஒரு கணம் நின்று நிபந்தனையைப் படிக்க வேண்டும். அப்டைம் ரோபோவின் இலவசத் திட்டம் நெடுநாள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. 2024 இன் இறுதியில் அந்நிறுவனம் விதியை மாற்றி, இலவசத் திட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை என்று அறிவித்தது. கடையின் தளத்தை அதில் இலவசமாகப் போட்டுவிட்டு, ஒருநாள் கணக்கு முடக்கப்பட்டால் கேட்க முடியாது. எனவே எந்த வெளிச் சேவையை எடுத்தாலும், வணிகத்துக்கு இலவசமா என்ற ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டே சேர வேண்டும்.

இந்தத் தொல்லை இல்லாதது அப்டைம் கூமா என்னும் மென்பொருள். 2021 இல் வெளிவந்த இது திறந்த மூல மென்பொருள். கடைக்கும் பயன்படுத்தலாம், கட்டணம் இல்லை. அதையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

அமைக்கும் முறை

பில் போடுவதற்குப் போதாது என்று மூலையில் வைத்த பழைய கணினி ஒன்று போதும். அதில் லினக்ஸும், டாக்கர் என்னும் மென்பொருளும் இருக்க வேண்டும். நம் கணினிகளைப் பராமரிக்கும் தம்பியிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் செய்து தருவார். அதன் பிறகு அவர் அடிக்க வேண்டிய கட்டளை இதுதான்:

```
docker run -d --restart=always -p 3001:3001 \
  -v uptime-kuma:/app/data \
  --name uptime-kuma louislam/uptime-kuma:2
```

பிறகு அதே கணினியில் உலாவியைத் திறந்து `http://localhost:3001` என்று அடித்தால் மென்பொருளின் பக்கம் வரும். தரவை எதில் சேமிப்பது என்று முதலில் கேட்கும். நம் அளவுக்கு `SQLite` என்பதே போதும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டு உள்ளே சென்று `Add New Monitor` என்பதை அழுத்த வேண்டும்.

வரும் படிவத்தில் ஆறு இடங்களை மட்டும் கவனித்தால் போதும். `Monitor Type` என்ற இடத்தில் `HTTP(s) - Keyword` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். `URL` என்ற இடத்தில் ஆர்டர் பக்கத்தின் முழு முகவரி. `Keyword` என்ற இடத்தில் அந்தப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு சொல். `Heartbeat Interval` என்ற இடத்தில் 300, அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. `Retries` என்ற இடத்தில் 2. `Heartbeat Retry Interval` என்ற இடத்தில் 60.

இந்த எண்களின் பொருளையும் சொல்லிவிடுவோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு நாளில் 288 முறை பார்க்கிறது. ஒரு முறை பதில் வராவிட்டால் உடனே கூச்சல் போடாமல் ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் பார்க்கிறது. இன்னொரு நிமிடம் பொறுத்து மூன்றாம் முறை பார்க்கிறது. அப்போதும் இல்லை என்றால்தான் செய்தி வருகிறது. ஆக, தளம் படுத்த ஏழெட்டு நிமிடத்துக்குள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்துவிடும். மறுமுயற்சியை வைக்காமல் விட்டால், இணைய இணைப்பு கண் சிமிட்டும்போதெல்லாம் பொய்ச் செய்தி வரும். பத்து நாள் பொய்ச் செய்தி வந்தால் பதினோராம் நாள் உண்மைச் செய்தியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எந்தச் சொல்லைத் தேடச் சொல்வது?

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அந்த ஒரு சொல்தான். சாதாரணக் கண்காணிப்பு, பக்கம் வந்ததா என்று மட்டுமே பார்க்கும். தளம் நல்ல முறையில் பதில் தந்தால் அதன் எண் 200. ஆனால் நம் தளத்துக்கு இடம் தரும் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தத் தவறினால், கணக்கு நிறுத்தப்பட்டது என்ற அறிவிப்புப் பக்கம் வரும். நம் பெயரின் பதிவு காலாவதியானால் விளம்பரப் பக்கம் ஒன்று வரும். இவற்றில் பலவும் 200 என்ற எண்ணோடுதான் வருகின்றன. கதவு திறந்திருக்கிறது, உள்ளே இருப்பது நம் கடை இல்லை. சாதாரணக் காவலாளி எல்லாம் நலம் என்றே எழுதிவைப்பார்.

ஆகவேதான் சொல்லைத் தேடச் சொல்கிறோம். கடையின் பெயரைக் கொடுக்கக் கூடாது. அது தலைப்பில் இருப்பது. உள்ளே பட்டியல் காலியாக இருந்தாலும் தலைப்பு வந்துவிடும். சரக்குப் பட்டியலின் கடைசிப் பகுதியில், ஆண்டு முழுவதும் நாம் விற்கும் ஒரு பொருளின் பெயரைக் கொடுப்பதே முறை. துவரம் பருப்பு என்று கொடுத்தால், பட்டியல் முழுவதும் வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பக்கத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, இடைவெளி உட்படக் கொடுக்க வேண்டும். துவரம்பருப்பு என்று சேர்த்து எழுதினால் வேறு சொல் ஆகிவிடும்.

இதில் தடுக்கிவிடும் இடம் ஒன்று உண்டு. சில தளங்களில் வெறும் சட்டம் மட்டும் முதலில் வரும். சரக்குப் பட்டியலை உலாவி பிறகு தனியாக எடுத்து வந்து நிரப்பும். நம் கண்ணுக்குப் பருப்பு தெரியும், கண்காணிப்பு மென்பொருளுக்குச் சட்டம் மட்டுமே தெரியும். அப்படிப்பட்ட தளத்தில் எப்போதும் பொய் எச்சரிக்கை வரும். இதை அறிய எளிய வழி, கணினியில் பக்கத்தைத் திறந்து `Ctrl+U` அழுத்துவது. பக்கத்தின் மூலம் திறக்கும். அதில் நம் சொல்லைத் தேடிப் பார்த்து, இருந்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் பட்டியல் நேரடியாக வரும் வேறொரு முகவரியைத் தளம் அமைத்தவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

முகப்புப் பக்கத்தை விட்டுவிட்டு ஆர்டர் பக்கத்தையே பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. முகப்புப் பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்து, வேகமாகத் தருவதற்காக அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஏற்பாடு பல தளங்களில் இருக்கிறது. உள்ளே சரக்குக் கணக்கு செத்துக் கிடந்தாலும் முகப்பு பளிச்சென்று வரும். ஷட்டரில் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கடை திறந்திருக்கிறது என்று சொல்வது போலாகிவிடும்.

செய்தி எந்த வழியில் வர வேண்டும்?

செய்தி பெற டெலிகிராம் எளிதான வழி. அந்தச் செயலியில் `BotFather` என்று தேடி, `/newbot` என்று அனுப்பி, கேட்கும் பெயரைக் கொடுத்தால் ஒரு நீண்ட குறியீடு கிடைக்கும். அது சாவியைப் போன்றது. யாரிடமும் காட்டக் கூடாது. புதிதாக உண்டான அந்தக் கணக்குக்கு நம் கைபேசியிலிருந்து ஒரு வணக்கம் அனுப்பிவிட்டு, கூமாவில் `Setup Notification` என்ற இடத்தில் `Telegram` என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் குறியீட்டை ஒட்ட வேண்டும். `Auto Get` என்பதை அழுத்தினால் நம் எண் தானாக வரும். `Test` என்பதை அழுத்தி, கைபேசியில் செய்தி வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே சேமிக்க வேண்டும்.

இரண்டாவது வழியாக மின்னஞ்சலையும் சேர்த்துக்கொள்வது நல்லது. 2021 அக்டோபர் 4 அன்று நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பேஸ்புக்கும் வாட்ஸப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோயின. செய்தி வரும் பாதையே ஒருநாள் அடைபடலாம் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

ஆனால் எந்த மின்னஞ்சல் என்பதில் எச்சரிக்கை வேண்டும். கடையின் பெயரிலேயே மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் அந்த முகவரியைக் கொடுக்கக் கூடாது. கடைப் பெயரின் பதிவு காலாவதியானால் தளத்தோடு அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே நின்றுவிடும். எச்சரிக்கை அனுப்பப்படும், வந்து சேராது. தொடர்பில்லாத வேறு முகவரியையே கொடுக்க வேண்டும். பதிவு நிறுவனம் அனுப்பும் நினைவூட்டல் கடிதங்களுக்கும் இதே விதிதான்.

வந்த செய்தியைப் படிப்பது

செய்தி ஆங்கிலத்தில் சுருக்கமாக வரும். ஐந்து வகைகளை அறிந்துகொண்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது உடனே விளங்கும்.

`getaddrinfo ENOTFOUND` என்று வந்தால் நம் பெயரே அகப்படவில்லை என்று பொருள். பெயர்ப் பதிவு காலாவதியாகியிருக்கலாம். பதிவு நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

`connect ECONNREFUSED` என்றோ `timeout` என்றோ வந்தால் பெயர் கிடைத்தது, ஆனால் தளம் இருக்கும் கணினி பேசவில்லை. இடம் தரும் நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

`Request failed with status code 500` என்று வந்தால் கணினி பேசுகிறது, உள்ளே நிரலோ சரக்குக் கணக்கோ பழுதாகிவிட்டது. தளம் அமைத்தவரைக் கூப்பிட வேண்டும்.

`200 - OK, but keyword is not in` என்று தொடங்கினால் பக்கம் வந்தது, நம் சொல் இல்லை. பட்டியல் காலியாகியிருக்கலாம், அல்லது அங்கே வேறு பக்கம் நிற்கலாம். இதை மட்டும் முதலில் நாமே திறந்து பார்க்க வேண்டும்.

`certificate has expired` என்று வந்தால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. வாடிக்கையாளருக்கு, இந்தத் தளம் பாதுகாப்பற்றது என்று உலாவி பயமுறுத்தும்.

எந்தச் செய்தி வந்தாலும் முதல் வேலை, கடையின் வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசியின் சொந்த இணைப்பில் தளத்தைத் திறந்து பார்ப்பதுதான். அதில் திறந்தால் பழுது நம் கடையின் இணைப்பில் இருக்கலாம்.

சான்றிதழைப் பற்றி இங்கே ஒரு சொல். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டீம்ஸ் சேவையே சான்றிதழைப் புதுப்பிக்க மறந்ததால் சில மணி நேரம் நின்றது. நம் தளங்களில் பலவற்றுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் அமைப்பின் இலவசச் சான்றிதழ்தான் உள்ளது. அது நீண்ட காலமாக 90 நாள் செல்லும்படி தரப்பட்டு வருவது. முன்பு காலாவதி நெருங்கும்போது அவர்களே மின்னஞ்சலில் நினைவூட்டினார்கள். 2025 ஜூன் 4 முதல் அந்த நினைவூட்டலை நிறுத்திவிட்டார்கள். மேலும் சான்றிதழ்களின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்கும் முடிவு 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஒரு முறை தவறினாலும் கடை மூடிவிடும். கூமாவின் படிவத்தில் `Certificate Expiry Notification` என்ற இடத்தில் குறியிட்டால், காலாவதிக்கு 21, 14, 7 நாட்களுக்கு முன்பே அது சொல்லும். வாரங்களுக்கு முன்பே தெரிவிக்கும் எச்சரிக்கை இது. தவறாமல் குறியிட வேண்டும்.

ஓர் இரவின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு மொத்தக் கடையை வைத்துக்கொள்வோம். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கங்களில் உள்ள சில்லறைக் கடைக்காரர்கள் தங்கள் கடையைச் சாத்தும் நேரத்தில், இரவு 8 முதல் 10 மணிக்குள் ஆர்டர் போடுகிறார்கள். விடியற்காலை வண்டி புறப்படுகிறது. இரவுக்கு 40 ஆர்டர், ஒன்று சராசரி 6,000 ரூபாய் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தின் வியாபாரம் 2,40,000 ரூபாய்.

8.32 மணிக்குக் கண்காணிப்பு பார்க்கிறது, பருப்பு இருக்கிறது. 8.34 மணிக்குத் தளம் படுக்கிறது. 8.37 மணிக்குப் பார்க்கும்போது பதில் சரியில்லை. 8.38, 8.39 மணிக்கும் அப்படியே. 8.39 மணிக்கு முதலாளியின் கைபேசியில் 500 என்ற செய்தி வருகிறது. கைபேசி இணைப்பில் திறந்து பார்க்கிறார், பழுது உண்மைதான். தளம் அமைத்தவருக்குப் போன் போடுகிறார். அதற்கு முன்பே, எப்போதும் தயாராக எழுதி வைத்திருக்கும் இரண்டு வரிச் செய்தியைக் கடைக்காரர்கள் குழுவில் போட்டுவிடுகிறார்: தளம் பழுது, ஆர்டரைப் போனில் சொல்லுங்கள். "அண்ணாச்சி, பக்கம் சுத்திக்கிட்டே இருக்குதே" என்று கேட்க நினைத்தவர்களுக்கு, கேட்கும் முன்பே விடை கிடைத்துவிட்டது. தளத்துக்குக் கொடுத்த இடம் பழைய பதிவேடுகளால் நிரம்பிவிட்டது என்று கண்டுபிடித்து, 9.10 மணிக்குச் சரிசெய்கிறார்கள். அடுத்த பார்வையில் மீண்டும் இயங்குகிறது என்ற செய்தி வருகிறது.

தளம் படுத்த நேரம் 36 நிமிடம். இனி இடம் தரும் நிறுவனத்தின் வாக்குறுதியை எடுத்துப் பார்ப்போம். நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் இயங்கும் என்று அவர்கள் எழுதித் தருவது வழக்கம். 30 நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 43 நிமிடம். ஆக அந்த இரவு நடந்தது முழுவதும் வாக்குறுதிக்கு உட்பட்டதே. 99 பங்கு என்று எழுதியிருந்தால் மாதம் 7 மணி 12 நிமிடம் வரை மூடலாம்.

நூற்றுக்கு இத்தனை பங்கு என்ற கணக்கில் அதிகாலை மூன்று மணியின் நிமிடமும் இரவு ஒன்பது மணியின் நிமிடமும் ஒரே விலை. நமக்கு அப்படி இல்லை. இங்கே 36 நிமிடம் என்பது ஆர்டர் நேரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஏறக்குறைய 72,000 ரூபாய் வியாபாரம். செய்தி வந்திராவிட்டால் பத்து மணி வரை மூடியே இருந்திருக்கும். 86 நிமிடத்தில் அது 1,72,000 ரூபாய். ஆகவே சதவீதத்தை மட்டும் பார்க்காமல், எந்த மணியில் மூடியது என்பதை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். தேதி, மூடிய நேரம், திறந்த நேரம், வந்த செய்தி, காரணம், சரிசெய்தவர் என்ற ஆறு கட்டங்கள் போதும். மூன்று மாத நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், இடம் தரும் நிறுவனத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

காவலாளியே தூங்கினால்

கூமாவைத் தளம் இருக்கும் அதே கணினியில் வைக்கக் கூடாது. கணினி படுத்தால் காவலாளியும் சேர்ந்தே படுப்பார். கடையில் உள்ள கணினியில் வைத்தால் அந்தக் குறை இல்லை. ஆனால் வேறொரு குறை வருகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில் கணினியும் மோடமும் நின்றுவிடும். அப்போது எச்சரிக்கை வராது. செய்தி வராததைப் பார்த்து எல்லாம் நலம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். இந்த அமைதிதான் ஆபத்து.

கணினிக்கும் மோடத்துக்கும் சேர்த்து யு.பி.எஸ். வைப்பது பாதி மருந்து. மீதிப் பாதி, எதிர்ப்பக்கக் காவல். ஹெல்த்செக்ஸ் என்னும் சேவை போன்றவை நம்மைத் தேடி வருவதில்லை. நம் கணினி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதற்கு வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கம் வராவிட்டால் நமக்கு மின்னஞ்சல் அனுப்பும். சிறிய அளவுக்கு இலவசத் திட்டம் உண்டு. இங்கும் நிபந்தனையைப் படித்துவிட்டே சேர வேண்டும்.

கூமாவில் இரண்டாவது கண்காணிப்பாக `https://www.google.com` என்பதையும் சேர்த்து வைக்கலாம். நம் தளமும் கூகுளும் ஒரே நேரத்தில் சிவப்பாகக் காட்டினால் விழுந்தது நம் இணைப்பு. நம் தளம் மட்டும் சிவப்பானால் விழுந்தது தளம். நோட்டில் எழுதும்போது இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வயரின் பழுதுக்கு இடம் தரும் நிறுவனத்தோடு சண்டை போடுவோம்.

எவை இதில் அகப்படாது?

பணம் செலுத்தும் பகுதி இதில் அகப்படாது. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் யு.பி.ஐ. நாடு முழுவதும் தடுமாறியது. அந்த நேரங்களில் ஆர்டர் பக்கங்கள் பச்சை விளக்கோடுதான் இருந்திருக்கும். பணம் மட்டும் போயிருக்காது. அதுபோலவே ஆர்டர் போட்டதும் நமக்கு வர வேண்டிய தகவல் வழியில் நின்றுவிட்டாலும் கூமாவுக்குத் தெரியாது. எனவே வாரம் ஒரு நாள், கடை திறந்ததும், நம் தளத்தில் நாமே ஒரு கிலோ சர்க்கரைக்கு ஆர்டர் போட்டுப் பணமும் செலுத்தி, தகவல் கல்லாவுக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் கையில் இல்லாத பழுதுகளும் உண்டு. 2025 நவம்பர் 18 அன்று மாலை 4.50 மணியளவில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் ஏற்பட்ட கோளாறால், அதன் வழியாக வரும் எண்ணற்ற தளங்கள் உலகம் முழுவதும் 500 வகைப் பிழையைக் காட்டின. இரவு 8 மணியளவில்தான் பெரும்பகுதி சரியானது. நம் தளமும் அதன் வழியே வருவதானால், அந்த நேரத்தில் தளம் அமைத்தவரைத் திட்டிப் பயனில்லை. அந்தப் பிழைப் பக்கத்தில் பொதுவாக மூன்று படங்கள் இருக்கும்: பார்ப்பவரின் உலாவி, நடுவில் கிளவுட்ஃப்ளேர், கடைசியில் தளம் இருக்கும் கணினி. எந்தப் படத்தில் பழுதுக் குறி இருக்கிறதோ அங்கேதான் பழுது. நடுப்படத்தில் இருந்தால் பொறுத்திருப்பதும், போனில் ஆர்டர் எடுப்பதும் தவிர வேறு வழியில்லை.

ஆகவே எச்சரிக்கை ஏற்பாட்டோடு சேர்த்து மூன்று பொருள்கள் கல்லாப்பெட்டியின் அருகே இருக்க வேண்டும். பெயர்ப் பதிவு நிறுவனம், இடம் தரும் நிறுவனம், தளம் அமைத்தவர் ஆகிய மூவரின் தொலைபேசி எண்களும் எழுதிய அட்டை ஒன்று. வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய இரண்டு வரிச் செய்தி ஒன்று. ஆறு கட்டம் போட்ட நோட்டு ஒன்று. மாதம் ஒரு முறை, கூமாவில் தேடும் சொல்லை வேண்டுமென்றே தவறாக மாற்றிச் சேமித்து, எச்சரிக்கை வருகிறதா என்று சோதித்துவிட்டுத் திரும்ப மாற்றிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்தச் சோதனையில் செய்தி வரவில்லை என்றால், பழுது காவலாளியிடம் இருக்கிறது. அன்றே அதைச் சரிசெய்துகொள்ளலாம்.